அந்த ஒரு வாக்கு எதற்காக அளிக்கப்பட்டது?

இந்தி ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் இந்தியாவின் தேசிய மொழியானது என்னும் செய்தி, மேடைகளிலும் பாடநூல்களுக்கு வெளியேயான பேச்சுகளிலும் எழுபது ஆண்டுகளாக வழங்கி வருகிறது. இந்தியை ஆதரிப்போர் அதை வெற்றியின் கதையாகச் சொல்கின்றனர். எதிர்ப்போர் அதையே அநீதியின் சான்றாகக் காட்டுகின்றனர். அந்த வாக்கெடுப்பு எந்த அவையில், எந்தக் கேள்வியின்மேல் நடந்தது என்பதை இரு தரப்பாரும் பெரும்பாலும் கேட்பதில்லை.

இச்செய்தியின் மூலம் அம்பேத்கர் 1955இல் வெளியிட்ட ‘மொழிவழி மாநிலங்கள் பற்றிய சிந்தனைகள்’ என்னும் சிறுநூல். வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான பிளவைப் பற்றிப் பேசுமிடத்தில் அவர் இதைக் குறிப்பிடுகிறார். காங்கிரஸ் கட்சிக் கூட்டத்தில் இந்தி பற்றிய விவாதம் மிகக் கடுமையாக நடந்தது. முதல் வாக்கெடுப்பில் இரு தரப்பும் 78 என்று சமமாக நின்றன. நெடுநேரத்துக்குப் பின் மீண்டும் கேட்டபோது இந்திக்கு 78, எதிராக 77 என்று முடிந்தது. வரைவுக்குழுத் தலைவர் என்ற முறையில் அக்கூட்டத்தில் நுழையும் வாய்ப்பு தமக்கு இருந்தது என்பதே அவர் தரும் செய்தியின் சாரம்.

இக்கூற்றில் முதலில் கவனிக்க வேண்டியது இடம். அம்பேத்கர் சொல்வது காங்கிரஸ் கட்சியின் உள்கூட்டத்தை. அரசியல் நிர்ணய சபையை அன்று. சபையில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை இருந்ததால், சிக்கலான உறுப்புகள் முதலில் கட்சிக் கூட்டத்தில் அலசப்பட்டு, அங்கே உருவான நிலைப்பாடு பிறகு சபைக்கு வருவது வழக்கமாக இருந்தது. சபையில் பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லும் சுருக்கெழுத்தில் பதிவாகி அச்சாகியது. கட்சிக் கூட்டத்துக்கு அத்தகைய வெளிப்படையான பதிவு கிடையாது. கலந்துகொண்டோரின் நினைவுகளும் குறிப்புகளுமே சான்று. மொழிப் பகுதி விவாதிக்கப்பட்ட 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரையிலான சபை நடவடிக்கைகளில் 78, 77 என்னும் எண்ணிக்கை எங்கும் இல்லை.

அடுத்தது உறுப்பு எண். சர்ச்சைக்குரிய உறுப்பு 115 என்று அம்பேத்கர் எழுதுகிறார். 1948ஆம் ஆண்டு வரைவில் 115ஆம் உறுப்பு உச்ச நீதிமன்றத்துக்குச் சில நீதிப்பேராணை அதிகாரங்களை வழங்குவது பற்றியது. நாடாளுமன்றத்தின் மொழி பற்றிப் பேசியது 99ஆம் உறுப்பு. பின்னர் முழு மொழிப் பகுதியும் 301அ முதலான புதிய எண்களுடன் சபைக்கு வந்தது. இதனால் அம்பேத்கரின் சான்று பொய்யென்று ஆகிவிடாது. அவர் நேரில் இருந்தவர். ஆனால் ஆறாண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதுகிறார். எண் ஒன்று பிசகியிருக்கும்போது, கேள்வியின் உருவமும் பிசகியிருக்க இடமுண்டு என்ற எச்சரிக்கையுடன் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதும் முதன்மையானதும் கேள்வியின் பொருள். 1949இல் கட்சிக்குள் உண்மையில் எது முடிவாகாமல் இருந்தது? இந்தியா, இந்துஸ்தானியா என்ற வழக்கு 1947 ஜூலையிலேயே கட்சிக் கூட்டத்தில் வாக்குக்கு விடப்பட்டு, இந்திக்குப் பெரும்பான்மை கிடைத்திருந்தது. தேவநாகரி எழுத்தும் அப்போதே பெரும்பான்மை பெற்றது. 1949இல் மோதல் நிலைத்து நின்ற இடங்கள் இரண்டு: ஆங்கிலம் எத்தனை ஆண்டுகள் தொடர்வது, அரசு ஆவணங்களில் தேவநாகரி எண்ணுருக்களை வழங்குவதா, உலகெங்கும் வழங்கும் எண்ணுருக்களை வழங்குவதா. இன்று சிறியதாகத் தோன்றும் இந்த எண்ணுருச் சிக்கலில்தான் கட்சி சரிபாதியாகப் பிளந்தது. இந்திய அரசமைப்பின் உருவாக்கத்தை விரிவாக ஆராய்ந்த கிரான்வில் ஆஸ்டின், நூலிழை வேறுபாட்டு வாக்கெடுப்பை எண்ணுருக்களைப் பற்றியதாகவே கொள்கிறார். காலவரிசையும் இந்த விளக்கத்துக்கே இசைகிறது.

ஆக, கட்சிக் கூட்டத்தின் வாக்கு எதைக் குறித்ததாயினும், அது ஒரு கட்சியின் உள்நிலையைக் காட்டுவது மட்டுமே. அந்த இழுபறியிலிருந்து பிறந்தது முன்ஷி–ஐயங்கார் சமரச வாய்பாடு. கே.எம். முன்ஷியும் என். கோபாலசாமி ஐயங்காரும் உருவாக்கிய அந்த வரைவை ஐயங்கார் 1949 செப்டம்பர் 12 அன்று சபையில் முன்மொழிந்தார். அதன்மேல் முந்நூறுக்கும் மேற்பட்ட திருத்தங்கள் வந்தன. சமஸ்கிருதத்தையே ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்க வேண்டும் என்ற லட்சுமி காந்த மைத்ராவின் திருத்தமும் அவற்றுள் ஒன்று. இவை பேசப்பட்டவை, பதிவானவை; ஆயினும் சபையின் முடிவுகள் அல்ல. செப்டம்பர் 14 அன்று இறுதிநேரப் பேச்சுவார்த்தைக்குப் பின் சில மாற்றங்களுடன் ஏற்கப்பட்டதே முடிவு. அதுவே இன்று அரசமைப்பின் 17ஆம் பகுதியாக, 343 முதல் 351 வரையிலான உறுப்புகளாக உள்ளது.

ஏற்கப்பட்ட அந்த உரையில் ‘தேசிய மொழி’ என்னும் தொடர் இல்லை. தேவநாகரி எழுத்திலான இந்தி ‘ஒன்றியத்தின் ஆட்சிமொழி’ என்று மட்டுமே 343ஆம் உறுப்பு கூறுகிறது. விவாதத்தில் உறுப்பினர் பலர் ‘தேசிய மொழி’ என்றே பேசினர். அவர்கள் பேசியது உரையில் இடம்பெறவில்லை. பேச்சில் வழங்கிய சொல்லை உரையின் சொல்லாக எடுத்துக்கொண்டதே பிற்காலக் குழப்பத்தின் வேர்.

எண்ணுருக்களில் வென்றது உலக வடிவம். ஆனால் உரை அவற்றை ‘இந்திய எண்களின் பன்னாட்டு வடிவம்’ என்று பெயரிட்டது. தோற்றம் இந்தியாவினுடையது என்ற ஆறுதல் அப்பெயரிலேயே வைக்கப்பட்டது. தோற்ற தரப்புக்கு இன்னொன்றும் கிடைத்தது: முதல் பதினைந்து ஆண்டுகளுக்குள் தேவநாகரி எண்ணுருக்களையும் கூடுதலாகப் பயன்படுத்தக் குடியரசுத் தலைவர் அனுமதிக்கலாம், அதன் பின் நாடாளுமன்றம் சட்டத்தின் வழியே அதற்கு வகைசெய்யலாம். இங்கே ஒரு மொழியியல் வேறுபாடு அரசியல் வேலையைச் செய்கிறது. உலக வடிவ எண்ணுருக்கள் கட்டாயத்தைச் சொல்லும் வினைமுற்றைப் பெற்றன. தேவநாகரி எண்ணுருக்கள் ‘-லாம்’ என்னும் இசைவைப் பெற்றன. ஆங்கிலத்துக்கும் இதே பிரிவினை நேர்ந்தது. பதினைந்து ஆண்டுகள் அது தொடர வேண்டும் என்பது உறுதி. அதற்குப் பின் தொடர நாடாளுமன்றம் வகைசெய்யலாம் என்பது திறந்துவைக்கப்பட்ட வாயில். ஒப்புக்கொண்ட இடத்தில் கட்டாயமும், ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் இசைவும் எழுதப்பட்டன. ஒவ்வொரு ‘லாம்’ இருக்கும் இடத்திலும் ஒரு முடியாத வழக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

ஒத்திவைக்கப்பட்டவை முறையே திரும்பி வந்தன. 344ஆம் உறுப்பின்படி 1955இல் பி.ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைந்தது. ஆணையத்தின் பணி பரிந்துரைப்பது. நாடாளுமன்றக் குழு அதை ஆராய்ந்து கருத்துரைக்க வேண்டும். அதன் பிறகே குடியரசுத் தலைவர் ஆணையிடலாம். ஆணையத்தில் இருந்த சுனிதி குமார் சட்டர்ஜியும் பி. சுப்பராயனும் மாறுபட்ட குறிப்புகளை எழுதினர். அப்படியிருந்தும் அறிக்கை வெளிவந்தபோது, பரிந்துரைகள் முடிந்த முடிவுகளைப் போலவே வாசிக்கப்பட்டன.

1959 ஆகஸ்ட் 7 அன்று நேரு மக்களவையில், இந்தி பேசாத மக்கள் விரும்பும் காலம் வரை ஆங்கிலம் துணைமொழியாக நீடிக்கும் என்றும், அதை முடிவுசெய்யும் உரிமை அவர்களிடமே இருக்கும் என்றும் உறுதி கூறினார். அது ஒரு பிரதமரின் வாக்கு; அவைக்குறிப்பில் உள்ளது; ஆனால் சட்டம் அன்று. 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 1965க்குப் பின்னரும் ஆங்கிலம் இந்தியுடன் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்று எழுதப்பட்டது. மீண்டும் ‘லாம்’. உறுதிமொழியின் கட்டாயத்தைச் சட்டம் ஏந்தவில்லை என்பதைச் சென்னை மாநிலத்து உறுப்பினர்கள், குறிப்பாகத் திராவிட முன்னேற்றக் கழகத்தினர், சுட்டிக்காட்டினர். அச்சொல்லைக் கட்டாயமாகவே கொள்ள வேண்டும் என்று நேரு விளக்கினார். அந்த விளக்கமும் அவருடைய பேச்சாகவே இருந்தது. 1964 மே மாதம் அவர் மறைந்தார். 1965 ஜனவரி 26 நெருங்கியபோது அந்த விளக்கத்துக்குப் பொறுப்பேற்க அவர் இல்லை. அந்த வாரங்களில் சென்னை மாநிலத்தில் நிகழ்ந்த போராட்டங்களுக்கும் உயிரிழப்புகளுக்கும் பின்னணியில், உறுதிமொழிக்கும் சட்ட உரைக்கும் இடையிலிருந்த இந்த இடைவெளியும் இருந்தது.

அதன் பின்னரே 1967ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தது. இந்தியைத் தம் ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் இயற்றி, அவற்றைக் கருத்திற்கொண்டு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தனித்தனியே தீர்மானம் இயற்றும் வரை, ஆங்கிலப் பயன்பாடு பற்றிய வகைமுறைகள் நீடிக்கும் என்று அது 3ஆம் பிரிவில் சேர்த்தது. நேருவின் வாய்மொழியாக எட்டாண்டுகள் இருந்தது அப்போதுதான் சட்டமாயிற்று.

அந்தத் திருத்தத்துடன் சேர்ந்தே நாடாளுமன்றம் ஆட்சிமொழித் தீர்மானம் ஒன்றையும் ஏற்றது. அது 1968 ஜனவரியில் வெளியிடப்பட்டது. மும்மொழித் திட்டம் இடம்பெற்றது அந்தத் தீர்மானத்தில். திருத்தச் சட்டத்தில் அன்று. இரண்டும் ஒரே விவாதத்தின் விளைவுகள். ஒரே அவைகளின் ஒப்புதலைப் பெற்றவை. எனினும் சட்டம் கட்டுப்படுத்துவது. தீர்மானம் அரசின் கொள்கையை அறிவிப்பது. அதே ஜனவரி 23 அன்று அண்ணாதுரை தலைமையிலான அரசு, சட்டமன்றத்தில் மும்மொழித் திட்டத்தை மறுத்து, தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தைத் தீர்மானத்தால் எதிர்கொள்ள முடிந்தது. 3ஆம் பிரிவோ, இந்தியைத் தம் ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களில் எந்த ஒன்றையும் விட்டுவிட்டு ஆங்கிலப் பயன்பாட்டைத் தீர்மானத்தால் நிறுத்த இயலாதபடி இன்றும் நின்றுகொண்டிருக்கிறது.