ஏற்பு மாதிரிச் சோதனை (சரக்கு வரவில்)

வந்திறங்கிய சரக்கில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்து, முழு லாட்டையும் ஏற்பதா திருப்புவதா என்று முடிவு செய்யும் முறை. பெல் ஆய்வகத்தில் ஹரால்டு டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் இதற்குக் கணித அடிப்படை அமைத்தனர். அமெரிக்க ராணுவத்தின் MIL-STD-105 அட்டவணைகள் பின்னர் ISO 2859-1 ஆயின. இந்தியத் தரம் IS 2500.

குடவுன்களில் பழகிப்போன ‘பத்து சதவீதம் பார், ஒன்றுகூடப் பழுதாக இருக்கக் கூடாது’ என்ற வழக்கம் நியாயமாகத் தோன்றும். உண்மையில் அது கோணல். நூற்றுக்கு 4 பழுதான சரக்கு 50 உருப்படிகளாக வந்தால் 5 மட்டுமே பார்க்கப்படும், பத்துக்கு எட்டு முறை அது தப்பிவிடும். அதே தரத்தில் 1,000 வந்தால் 100 பார்க்கப்படும், தப்புவது அரிது. தீர்ப்பின் கூர்மை, எத்தனை உருப்படிகளைப் பார்த்தோம் என்பதில்தான் இருக்கிறது. அது லாட்டில் எத்தனை சதவீதம் என்பதில் அல்ல.

எவர்சில்வர் டிபன் பாக்ஸ் 50 பெட்டிகளில், பெட்டிக்கு 24 வீதம், 1,200 வந்திருக்கிறது என்று கொள்வோம். வழக்கமான சோதனை நிலையில் அட்டவணை தரும் எழுத்து J, அதாவது 80 உருப்படிகள். ஏற்புத் தர வரம்பு (ஏ.க்யூ.எல்.) 2.5 என்று ஒப்பந்தமானால், 5 பழுது வரை ஏற்கலாம். ஆறாவது கிடைத்ததும் முழு லாட்டும் நிராகரிப்பு. மூடி சரியாக உட்காராதது இந்தக் கணக்கில் சேரும். கையைக் கிழிக்கும் விளிம்பு போன்ற ஆபத்தான பழுதுக்கு வரம்பே கிடையாது, ஒன்று போதும்.

எத்தனை பெட்டி திறப்பது என்பதை அட்டவணை சொல்லாது. பெட்டி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டுவது பரவலான நடைமுறை: 50க்கு 8 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 10. இங்கேதான் சோதனை பெரும்பாலும் கெடுகிறது. ஒரே ஷிஃப்டில் நசுங்கியவை ஒரே பெட்டியில் குவிந்திருக்கும். கைக்கெட்டும் பெட்டிகளையே பிரித்தால் அடியில் கிடப்பது தெரியாது. அதனால் பெட்டிகளுக்கு எண்ணிட்டு, எந்த எண்களைத் திறப்பது என்று குலுக்கலில் முடிவு செய்து, அடுக்கைக் கலைத்தாவது அவற்றையே எடுக்க வேண்டும்.

வாங்குபவர் மறக்கக் கூடாத வரம்பு ஒன்று உண்டு. பத்து சதவீதம் பழுதான லாட்கூட இந்தத் திட்டத்தில் நூறில் சுமார் 17 முறை தேறிவிடும். 2.5 என்பது ‘இவ்வளவு பழுது பரவாயில்லை’ என்ற அனுமதி அல்ல. அந்த அளவில் தொடர்ந்து தரும் விற்பனையாளரின் லாட்கள் பெரும்பாலும் தேற வேண்டும் என்பதற்கான எல்லை.

ஆறாவது பழுது வந்ததும் ‘இன்னொரு 80 எடுத்துப் பார்ப்போமே’ என்று லாரி டிரைவரை நிறுத்தி வைத்துப் பேசுவதும் உண்டு. அப்படி மறுவாய்ப்புக் கொடுத்தால் அதே மோசமான லாட் தேறும் வாய்ப்பு ஏறக்குறைய நூறில் 30 ஆகிறது. இரட்டை மாதிரித் திட்டம் தனியாக இருக்கிறது. அதன் எண்களை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

நிராகரித்த லாட்டை விற்பனையாளர் முழுதாகப் பொறுக்கிப் பிரித்து மறுபடி கொண்டுவரலாம். முதல் சோதனைக்கு வந்த அடுத்தடுத்த ஐந்து அல்லது அதற்குக் குறைவான லாட்களில் இரண்டு விழுந்தால் சோதனை கடுமையாகும்: அதே 80தான், ஆனால் நான்காவது பழுதிலேயே நிராகரிப்பு. தொடர்ந்து ஐந்து லாட் தேறிய பிறகே பழைய நிலை திரும்பும்.