காவிக்கல் போன வழி

சோழர் காலத்து ஓவியரிடம் வண்ணம் அரைத்த ஒரு பையனைப் பற்றிக் கதை எழுதினேன். சனிக்கிழமை மாலைகளில் காஜாங்கில் என் வீட்டுக்குக் கதை கேட்க வரும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்காக எழுதியது. பையன் என் கற்பனை. அவன் அரைத்த காவிக்கல் கற்பனையல்ல. ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்சுற்றின் சுவரில் அது இன்றும் சிவப்பாக இருக்கிறது.

காவிக்கல் என்பது இரும்புத் துரு ஏறிய மண் இறுகிய கட்டி. பையன் அதை உடைத்து, தண்ணீர் தெளித்து, கல்லின் மேல் கல் வைத்து அரைக்கிறான். காலையில் தொடங்கியவன் மாலையிலும் அரைத்துக்கொண்டிருக்கிறான் என்று நான் படித்தபோது ஒரு சிறுமி குறுக்கே கேட்டாள்: "ஏன் ஆன்ட்டி அவ்வளவு நேரம்? தூளானா போதாதா?"

பதில் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று அம்மாவின் அம்மியை எடுத்து வந்தேன். செமினி பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து எங்களோடு வந்த அம்மி அது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் கிடைத்த செம்மண் கட்டியைப் பிள்ளைகள் முறை வைத்து அரைத்தார்கள். முதலில் குழவிக்கடியில் கரகரவென்று சத்தம் கேட்டது. அரை மணி நேரத்தில் சத்தம் அடங்கி, குழவி வழுக்க ஆரம்பித்தது. விழுதை ஒரு கண்ணாடி டம்ளரில் கரைத்தோம். நாலைந்து நொடியில் மணல் அடியில் தங்கியது. மேலே நின்ற கலங்கல் நீரை மட்டும் இன்னொரு டம்ளரில் ஊற்றி வைத்தோம். மறுநாள் காலை அடியில் வெண்ணெய்போல் படிந்திருந்தது வண்ணம். விரலிடுக்கில் தேய்த்தால் ஒரு துகள்கூட நெருடவில்லை. ஒரு கட்டி மண்ணிலிருந்து கிடைத்தது இரண்டு மூன்று கரண்டிதான்.

இவ்வளவு நைசாக ஏன் வேண்டும் என்பதற்குப் பதில் சுவரில் இருக்கிறது. 1930களில் பரமசிவன் என்ற வேதியியலாளர் இந்த ஓவியங்களின் துணுக்குகளை ஆராய்ந்தார். வண்ணத்தைப் பிடிக்கப் பசை எதுவும் சேர்க்கவில்லை, ஈரச் சுண்ணாம்பின் மேலேயே தீட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கூறினார். ஈரம் காயும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது. அப்போது வண்ணத்தின் மேல் மெல்லிய தோல் ஒன்று படர்கிறது. நுண்ணிய துகள் அந்தத் தோலுக்குள் அகப்பட்டுக்கொள்ளும். பருமனான துகள் வெளியே துருத்திக்கொண்டு நின்று, பிறகு உதிர்ந்துவிடும். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் வண்ணங்களே இந்த வேலைக்கு ஆகும். காவி தாங்கும், மஞ்சள் மண் தாங்கும், கரி தாங்கும்.

சுண்ணாம்பு பூசியாகிவிட்டால் ஓவியருக்குக் கிடைப்பது அது காயும்வரை உள்ள நேரம்தான். வண்ணம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். பையன் தாமதித்தால் ஒரு நாள் பூச்சு வீண்.

அதையும் செய்து பார்த்தோம். வெற்றிலைக் கடையில் வாங்கிய சுண்ணாம்பில் நைஸ் மணல் கலந்து ஓர் ஓட்டின் மேல் பூசினோம். இடப் பாதியில் ஈரமாக இருக்கும்போதே எங்கள் செம்மண் வண்ணத்தால் கோடு இழுத்தோம். வலப் பாதியில் மறுநாள், காய்ந்த பிறகு. பத்து நாள் கழித்துப் பிள்ளைகள் விரலால் தேய்த்தார்கள். வலப்பக்கம் விரலெல்லாம் சிவப்பு. இடப்பக்கக் கோடு அப்படியே நின்றது. இரண்டுமே தீட்டியபோது பார்த்ததைவிட வெளிறியிருந்தன. ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பக்கூடாது என்று கதையில் ஆசான் பையனிடம் சொல்வதன் பொருள் அன்றுதான் அவர்களுக்கு விளங்கியது.

தஞ்சையில் சுவரேறிய காவி அதோடு ஓய்வு பெறவில்லை. சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகும் காட்சியில் அது கலந்தது. பதினேழாம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்து ஓவியர்கள் அதன் மேலேயே புதுச் சுண்ணாம்பு பூசி வேறு படங்கள் தீட்டினார்கள். ஏறக்குறைய 300 ஆண்டுகள் காவி இருட்டுக்குள் இருட்டாகக் கிடந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி, மேல் படம் உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்த சோழர் ஓவியத்தைக் கண்டார். பின்னாளில் தொல்லியல் துறையினர் நாயக்கர் படங்களையும் சிதைக்காமல், உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டிக் காத்தார்கள். ஒன்றைக் காக்க இன்னொன்றைச் சுரண்டி எறியாத அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

உள்சுற்றுக்குள் பொதுமக்களைப் பொதுவாக விடுவதில்லை. இங்கிருந்து கோயில் பயணமாகத் தஞ்சை போகிறவர்கள், வளாகத்திலேயே உள்ள கண்காட்சிக் கூடத்தில் அந்த ஓவியங்களின் படங்களைப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அந்தச் சிவப்பைக் காட்டி, அதை அரைத்த கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.