நெல்வயல் மீத்தேன்

தண்ணீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில், காற்றில்லாத சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு. நடவாகி ஒரு மாதமான வயலில் இறங்கினால் காலடியில் கொப்பளித்து வரும் குமிழ்களில் இது நிறைய இருக்கும். இன்று உலக நெல்வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் மீத்தேனை வெளியிடுவதாக மதிப்பிடப்படுகிறது. அந்த அளவு கூடுவதையும் குறைவதையும் வேறு எதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது வயலில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான்.

இதன் ஆய்வு வரலாற்றை 1980களின் கலிஃபோர்னியாவிலிருந்து தொடங்குவோர் பலர். உண்மையில் அது கோயம்புத்தூரில் தொடங்குகிறது. அங்கே பணியாற்றிய வேளாண் வேதியியலாளர் டபிள்யூ. எச். ஹாரிசனும் பி. ஏ. சுப்பிரமணிய அய்யரும் 1913 முதல் நெல்வயல் சேற்றின் வாயுக்களைப் பற்றித் தொடர் அறிக்கைகளை வெளியிட்டனர். சேற்றின் உள்ளே மீத்தேனும் நைட்ரஜனும் மிகுந்திருப்பதையும், மண்ணின் மேற்பரப்பில் படர்ந்த பாசிப் படலத்தைத் தாண்டும்போது வாயுவின் கலவை மாறிவிடுவதையும் அவர்கள் கண்டார்கள். படலத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக்கின. அங்குள்ள பாசி ஆக்சிஜனை வெளிவிட்டது. மீத்தேனை உண்ணும் பாக்டீரியா ஒன்றைப் பற்றி அய்யர் 1920இல் தனியே எழுதினார். புவி வெப்பமாதல் யார் பேச்சிலும் இல்லாத காலம் அது. வேருக்கு ஆக்சிஜன் எப்படிக் கிடைக்கிறது என்பதே அவர்கள் கேள்வி. ஆனாலும் வயலில் உண்டாகும் மீத்தேன் வேறு, வயலைவிட்டு வெளியேறும் மீத்தேன் வேறு என்ற அடிப்படை வேறுபாட்டை அவர்கள் தொட்டுவிட்டார்கள்.

அந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் கணக்கு எவ்வளவு தவறும் என்பதற்குப் பின்வந்த மதிப்பீடுகளே சான்று. ஜப்பானின் கோயாமா 1963இல் வயல் மண்ணை ஆய்வகத்தில் ஊறவைத்து அளந்து, உலக நெல்வயல்களின் பங்கு ஆண்டுக்கு 19 கோடி டன் என்று கணித்தார். 1980களின் தொடக்கத்தில் சிசரோனும் ஷெட்டரும் கலிஃபோர்னியாவில் பயிரின் மேல் பெட்டியைக் கவிழ்த்து, வெளியேறும் வாயுவை வயலிலேயே அளந்தபோது எண்கள் இறங்கத் தொடங்கின. இந்திய வயல்கள் மட்டும் 3.78 கோடி டன் வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கூறியிருந்தது. ஏ. பி. மித்ரா தலைமையில் 1991இல் நாடு தழுவி நடந்த அளவீடு அதைச் சுமார் 40 லட்சம் டன்னாகக் குறைத்தது. வானம் பார்த்த வயலும் இடையிடையே காயும் வயலும் இந்தியாவில் மிகுதி. எல்லா வயலிலும் ஓயாமல் தண்ணீர் நிற்பதாகக் கொண்டதுதான் முந்தைய கணக்கின் பெரும்பிழை.

தண்ணீர் ஏன் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது? வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணில் எஞ்சிய ஆக்சிஜன் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். அதன்பின் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீசையும், பிறகு இரும்பையும் சல்பேட்டையும் மூச்சுக்குப் பயன்படுத்துகின்றன. இவை தீர்ந்த பிறகே மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் கை ஓங்கும். மண்ணைப் பொறுத்து இதற்குச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். செம்மண்ணில் இரும்பு மிகுதி என்பதால் தாமதமும் மிகுதி. உழவர் இதைக் கண்ணாலேயே அறியலாம். பயிரைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் துருநிறம் படிந்திருக்கும்வரை வேரைச் சுற்றி ஆக்சிஜன் இருக்கிறது; வேர் கறுத்து, சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்தக் கட்டம் கடந்துவிட்டது. உண்டான வாயுவின் பெரும்பகுதி குமிழாக வருவதில்லை. நெற்பயிர் வேருக்குக் காற்றை இறக்கும் அதே உட்குழல் வழியாக மீத்தேன் ஏறி, இலையுறையின் நுண்துளைகளில் வெளியேறுகிறது என்பதை நௌச்சியும் குழுவினரும் 1990இல் காட்டினர். இந்த வழி பாசிப் படலத்தைத் தொடுவதே இல்லை.

தண்ணீரை வடித்தால் காற்று உள்ளே புகுந்து நுண்ணுயிர்களை அடக்குகிறது என்பது பாதி உண்மை. கரைந்து கிடந்த இரும்பு மறுபடி துருவாக மாறுவதே முக்கியமான மாற்றம். திரும்பத் தண்ணீர் கட்டினாலும் அந்தத் துரு தீரும்வரை மீத்தேன் தலையெடுக்காது. அதனால் சில நாள் காய்ச்சலின் பலன் காய்ந்த நாள்களைத் தாண்டியும் நீடிக்கிறது. டெக்சஸ் மாநில வயல்களில் சாஸ் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்தது. பருவத்தின் நடுவே ஒருமுறை வடித்த வயலில் மீத்தேன் ஏறத்தாழ பாதியானது. பலமுறை காயவிட்ட வயலில் 88 விழுக்காடு குறைந்தது. ஜப்பானிலும் சீனாவிலும் உழவர்கள் இதே நடுப்பருவ வடிப்பை வீண் தூர்களை அடக்கவும் மகசூலுக்காகவும் வேறொரு கணக்கில் செய்துவந்தார்கள். 1980க்குப் பின் சீன நெல்வயல்களின் மீத்தேன் பெரிதும் குறைந்ததற்கு இந்த வழக்கம் பரவியதே காரணம் என்று 2002இல் ஒரு மாதிரிக் கணிப்பு கூறியது.

தமிழ்நாட்டு உழவர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று அழைக்கும் முறைக்கு ஓர் அளவுகோலைத் தந்தது பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். பக்கமெல்லாம் துளையிட்ட 30 செ.மீ. நீளப் பிளாஸ்டிக் குழாயைப் பாதிவரை சேற்றில் இறக்கி, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். நட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து இது தொடங்கும். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்போது, மேலே 5 செ.மீ. நிற்குமளவு பாய்ச்ச வேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை தண்ணீர் வற்றக்கூடாது. அப்போது காய்ந்தால் கதிர் பதராகும். 15 செ.மீ. ஆழம்வரை வேருக்கு எட்டும் ஈரம் இருப்பதால் மகசூல் பொதுவாகக் குறைவதில்லை. வரம்பு மீறிக் காயவிட்டால் களிமண்ணில் வெடிப்பு விழுந்து, அடுத்த பாய்ச்சலின் நீர் அதன் வழியே இறங்கிப்போகும்; களையும் மிகும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் பொருளுள்ள மறுப்பு நைட்ரஸ் ஆக்சைடு பற்றியது. மாறிமாறிக் காய்ந்து நனையும் மண்ணில் யூரியாவின் ஒரு பகுதி இந்த வாயுவாகிறது. ஐ.பி.சி.சி.யின் 2019ஆம் ஆண்டுப் பொது அளவுகளைக் கொண்டு ஒரு ஹெக்டேரைக் கணக்கிடலாம். 100 நாள் ஓயாமல் தண்ணீர் நின்றால் நாளுக்கு 1.19 கிலோ வீதம் 119 கிலோ மீத்தேன் வெளியேறும். பலமுறை காயவிட்டால் அது 65 கிலோ. மிச்சமாகும் 54 கிலோ, 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 1,450 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 150 கிலோ தழைச்சத்து இட்ட வயலில் கூடுதலாக வரும் நைட்ரஸ் ஆக்சைடு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதன் சுமை சுமார் 130 கிலோ. பொது அளவுகளின்படி ஆதாயம் தெளிவு. ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாக 5.3 கிலோவைத் தாண்டினால் அத்தனையும் பறிபோகும். தென்னிந்திய வயல்களில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, கடுமையாகக் காயவிட்ட இடங்களில் அதையும் மிஞ்சிய அளவுகளைக் கண்டது. அந்த எண்களைப் பொதுமைப்படுத்தலாமா என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. 15 செ.மீ. எல்லையைக் காப்பதும், காய்ந்து நிற்கும் வயலில் யூரியாவை மேலாக வீசாமல் பாய்ச்சலோடு சேர்த்து இடுவதும் இந்த இழப்பைக் குறைக்கும் வழிகள்.

முறை பரவுவதும் பரவாததும் தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிலிப்பைன்ஸின் தார்லாக் மாகாணத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீரை எரிபொருள் செலவு கொடுத்து இறைத்த உழவர்கள், மிச்சமான ஒவ்வொரு பாய்ச்சலும் பணம் என்பதால் குழாயை விரைவில் ஏற்றார்கள். காவிரிப் படுகையில் அந்தத் தூண்டுதல் இல்லை. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். வாய்க்கால் பாசனத்திலோ ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்கு மடைவழி செல்கிறது, முறை தவறினால் அடுத்தது எப்போது வரும் என்ற உறுதியும் இல்லை. அப்படிப்பட்ட நிலையில் வயலில் தண்ணீரை நிறுத்திவைப்பது உழவரின் நியாயமான காப்பீடு. சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும்போது வடிகால் வாய்க்காலே நிரம்பி நிற்கும். வடிக்க இடமே இருக்காது. படுகையில் இம்முறைக்கு உண்மையான வாய்ப்பு குறுவையிலும் நவரையிலும், சொந்தக் குழாய்க் கிணறு உள்ள வயல்களிலும்தான் இருக்கிறது.