ரகரமும் றகரமும்

‘இரந்தான்’ என்பது பிறர்பால் வேண்டிநின்றான் எனப் பொருள்படும். ‘இறந்தான்’ என்பது உயிர் நீத்தான் எனப் பொருள்படும். ஓரெழுத்து மாறிய அளவில் இரவலன் ஒருவன் மாண்டவனாகி விடுகின்றான். இவ்விரு எழுத்துகளும் ஒலியால் நெருங்கியது எவ்வாறு என்பதையும், ஏட்டில் நேர்ந்த பிழையை உணரும் வழி யாது என்பதையும் ஈண்டு யாம் ஆராய்வோம்.

ரகரத்தை இடையினத்தும் றகரத்தை வல்லினத்தும் வைத்தார் தொல்காப்பியர். இரண்டிற்கும் நாவின் நுனியே மேல் எழுகின்றது. ஆயின், ரகரத்திற்கு அஃது அண்ணத்தை வருடும், றகரத்திற்கு ஒற்றும். எனவே, றகரம் முற்காலத்தில் அடைத்து ஒலித்த வல்லெழுத்தே என்க. யாழ்ப்பாணத்தார் ‘வெற்றி’ என்னும் சொல்லின் இரட்டை றகரத்தை ஒலிக்கும் முறையில் அப்பழைய அடைப்பு இன்றும் கேட்கப்படுகின்றது.

கல்வெட்டும் இதற்குச் சான்றாகும். அசோகர் காலப் பிராமியில் றகரத்திற்கு எழுத்து இல்லை; தமிழர் அதற்கெனத் தனி வடிவம் படைத்துக்கொண்டனர். கி.மு. 2ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் மாங்குளக் கல்வெட்டில் வரும் ‘வெள்ளறை’ என்னும் ஊர்ப்பெயரில் அவ்வடிவம் உள்ளது. ‘அறை’ என்பது பாறை. ‘அரை’ என்பதோ பாதி அல்லது இடை. ஒலி வேறுபட்டிருந்தமையாலன்றோ புதிய எழுத்து வேண்டப்பட்டது!

பிற்காலத்தில், உயிர்களுக்கு இடையே நின்ற தனி றகரம் அடைப்பு நெகிழ்ந்து அதிரொலியாயிற்று. தமிழகத்தின் பெரும்பகுதியில் அது பேச்சில் ரகரத்தோடு கலந்துவிட்டது. ஒருவர் படிக்க மற்றொருவர் ஏடெழுதிய இடத்து, செவி இரண்டையும் ஒன்றாகவே கொண்டது. பிழை நுழைந்த வாயில்களுள் இஃது ஒன்று.

இனி, பிழையை உணரும் வழி காண்போம். செய்யுள் ஒன்றன் அடிகள் முறையே ‘பரந்த’, ‘சுரந்த’, ‘கரந்த’, ‘இறந்த’ எனத் தொடங்குவதாக ஏட்டில் உள்ளதெனக் கொள்வோம். முதல் மூன்றடிகளிலும் இரண்டாம் எழுத்து ரகரம். ஈற்றடியில் மட்டும் றகரம். எதுகை இங்கு முறிகின்றது. இன எதுகை எனக் கொள்ளவும் இயலாது. ஒன்று இடையினம், மற்றொன்று வல்லினம். ஆதலின் ‘இரந்த’ என்னும் பாடத்தை ஐயுற்று நோக்குதல் வேண்டும். பாட்டின் பொருளும் அதற்கு இயையுமாயின் அதுவே உண்மைப் பாடமாதல் கூடும்.

பெயர்ச்சொற்களில் புணர்ச்சியும் துணைசெய்யும். ‘வயிறு’ என்பது ‘வயிற்றில்’ எனவும், ‘சேறு’ என்பது ‘சேற்றில்’ எனவும் இரட்டிக்கும். ரகரம் அவ்வாறு இரட்டிப்பதில்லை.

எனினும், இவற்றிற்கும் எல்லை உண்டு. எதுகை அடியின் இரண்டாம் எழுத்தையே காக்கும். இரட்டித்தல் ‘று’ ஈற்றுப் பெயர்களையே காட்டும். அடியின் இடையிலோ உரைநடையிலோ ‘இறந்தான்’ என வருமாயின், முன்பின் நோக்கிப் பொருள் தெளிதலன்றி வேறு வழியில்லை. அத்தகைய இடத்து ஏட்டின் எழுத்தைத் தாமே திருத்தாது, இரு பாடத்தையும் காட்டிச் செல்வதே பதிப்பாசிரியர்க்கு முறை என யாம் கருதுகின்றோம்.