பதினைந்து நாள் வாய்தா

மளிகைக் கடையின் அலமாரியைப் பார்த்து அந்தக் கடைக்காரரின் வசதியை எடைபோடுவது நமக்குப் பழக்கம். "கடை நெறயச் சரக்கு வச்சிருக்காரு" என்போம். அந்தச் சரக்கில் யாருடைய பணம் எவ்வளவு என்பது அலமாரியைப் பார்த்தால் தெரியாது. பேரேட்டைப் புரட்டினால்தான் தெரியும்.

என்னிடம் இருப்பது என் தாத்தாவின் 1963ஆம் வருடத்துப் பேரேடு. சாத்தூர்ப் பக்கம் சிறிய மளிகைக் கடை. கொள்முதல் பெரும்பாலும் விருதுநகர் மண்டியில். மிளகாய், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று அந்த ஊர் மண்டிகளிலிருந்து சுற்றுவட்டாரக் கடைகளுக்கெல்லாம் சரக்குப் போனது. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்து, அந்தப் பணத்தில் பொதுக்காரியங்கள் செய்த ஊர். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டுவிட்டது; இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். ஆனால் தாத்தா போன்ற கடைக்காரருக்கு வங்கி எட்டாத தூரம். அவருக்குக் கடன் கொடுத்தது மண்டிதான், அதுவும் பணமாக அல்ல, மூட்டையாக.

கணக்கு இப்படி. தாத்தாவின் சொந்த முதல் 2,000 ரூபாய். ஒரு நாளைக்கு விற்கும் சரக்கின் கொள்முதல் விலை சராசரியாக 150 ரூபாய். லாபம் வீட்டுச் செலவுக்குப் போய்விடும். மண்டி கொடுத்த வாய்தா 15 நாள். அப்படியென்றால் எந்த நாளிலும் மண்டியின் பணம் 2,250 ரூபாய் தாத்தாவின் கையில் நிற்கும். இரண்டையும் சேர்த்தால் 4,250 ரூபாய். 28 நாள் விற்பனைக்கான சரக்கு.

ஆனால் கடையில் பாதி வியாபாரம் பற்று நோட்டில். ஆசிரியர்கள், ஆலைத் தொழிலாளர்கள் எல்லாரும் சம்பளம் வந்ததும் கொடுப்பவர்கள். ஒரு நாளைக்கு 75 ரூபாய்ச் சரக்கு கடனாகப் போனால், மாதக் கடைசியில் 2,250 ரூபாய் தெருவில் நிற்கும். மண்டி கொடுத்தது அத்தனையும் வாசல் வழியாக வெளியே போயாயிற்று. அலமாரியில் மிஞ்சுவது அவருடைய 2,000 மட்டும், 13 நாள் சரக்கு. முதல் தேதி வசூல் ஆனதும் மறுபடி நிறையும். முதலும் மாறவில்லை, மண்டிக் கடனும் மாறவில்லை. சரக்கு மட்டும் மாதத்துக்கு ஒருமுறை பாதியாகி மீண்டது.

அந்த வருடம் மிளகாய் விலை ஏறியபோது மண்டிக்கே பணமுடை. கணக்குப்பிள்ளை சொன்னதைத் தாத்தா பிற்பாடு அடிக்கடி சொல்லிக்காட்டுவார்: "அண்ணாச்சி, இனிமே வாரச் சீட்டுதான். ஏழு நாள்ல தீத்துருங்க." கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஏழு நாளென்றால் மண்டியின் பணம் 1,050 ஆகிவிடும். தெருவில் நிற்கும் 2,250 அப்படியே இருக்கும். ஆக, மாதக் கடைசியில் கடைக்கு மிஞ்சுவது 800 ரூபாய்ச் சரக்கு.

அந்த 800இலும் ஒரு சிக்கல். பெருங்காயம், ஏலக்காய், கற்பூரம் போன்றவை மெதுவாகத்தான் நகரும். ஆனால் இல்லையென்று சொன்னால் ஆள் வேறு கடைக்குப் போய்விடும். அவற்றில் 500 ரூபாய் முடங்கிக் கிடந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு 300 ரூபாய்தான், இரண்டு நாள் வியாபாரம். முதலில் காலியாவது வேகமாக விற்கும் சரக்குதான். மூட்டையாக வாங்க முடியாமல் உள்ளூர் மொத்தக் கடையில் கால் மூட்டை, அரை மூட்டை என்று கூடுதல் விலைக்கு வாங்கியது நாள்வழியில் இருக்கிறது.

வாய்தாவும் இலவசம் இல்லை. கடன் விலை 100 ரூபாய் என்றால் ரொக்கத்துக்கு 98. பதினைந்து நாளுக்கு இரண்டு ரூபாய். வருடத்துக்கு 24 தடவை சுழன்றால் 48 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட வரும். சரக்கு வேகமாக விற்றால் லாபத்திலிருந்து இதைத் தாங்கலாம். நகராத சரக்கைக் கடனில் வாங்கினால் வேறு சரக்கு விற்ற காசிலிருந்து வாய்தா கட்டவேண்டும்.

ஆபத்து வருவதைப் பேரேட்டில் மண்டியின் பக்கத்தைப் பார்த்தே சொல்லலாம். கொள்முதல் ஒரே அளவில் இருக்க, பாக்கி மட்டும் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கட்டிய தொகையெல்லாம் பழைய சீட்டுக்கு வரவாகும், புதுச் சீட்டு அப்படியே நிற்கும். அடுத்த கட்டம், இரண்டாவது மண்டியில் சரக்கெடுத்து முதல் மண்டிக்குக் கட்டுவது. வெளியிலிருந்து பார்த்தால் அப்போதுதான் கடை நிறைந்து தெரியும்! தாத்தாவின் பேரேட்டில் ஓர் ஆடியில் இது தொடங்கி ஐப்பசி வரை போகிறது.

பின்னாளில், 1974இல் ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் குழு, தொழில்களுக்கு வங்கி எவ்வளவு கடன் தரலாம் என்று கணக்கிட்டபோது, சரக்கும் வரவேண்டிய பாக்கியும் சேர்ந்த தொகையிலிருந்து சரக்குக் கொடுத்தவருக்குத் தரவேண்டியதைக் கழிக்கச் சொன்னது. மண்டிக் கணக்குப்பிள்ளைகள் ஒரு கடைக்காரரைப் பார்த்தவுடன் மனதுக்குள் போட்ட கழித்தல்தான் இது.

தாத்தா புதுக் கடன் தேடவில்லை. தீபாவளி கழிந்ததும் அரிசிக்கும் பருப்புக்கும் பற்று நோட்டை நிறுத்தினார். மற்றதெல்லாம் வழக்கம்போல் கடனில். "ரெண்டு வீடு கோவிச்சுக்கிட்டுப் போச்சு" என்பார். தை மாதப் பக்கத்தில் இரண்டாவது மண்டியின் கணக்கு நேர் செய்யப்பட்டிருக்கிறது. முதல் மண்டியின் பாக்கி ஏழு நாள் கொள்முதலுக்குச் சரியாக நிற்கிறது.