மாத்திரை அட்டையின் படத்திலிருந்து மாற்று மருந்தைத் தேடுதல்: மெட்டோப்ரோலாலை முன்வைத்து

மாத்திரை அட்டையைப் படமெடுத்து, அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்குமா என்று தேடும் வழக்கம் இன்று பரவலாகியிருக்கிறது. இந்தத் தேடலில் வணிகப்பெயரையும் அதன் அருகிலுள்ள எண்ணையும் மட்டும் நம்புவது ஆபத்தானது என்பதே இக்கட்டுரையின் வாதம். மருந்தின் அடையாளம் ‘ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியுள்ளது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் தொடங்கும் சிறிய எழுத்து வரியில்தான் முழுமையாக இருக்கிறது.

இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் மெட்டோப்ரோலாலை எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டையில் வணிகப்பெயருக்குப் பின் ‘எக்ஸ்எல் 50’ என்று இருக்கிறது. உள்ளடக்க வரியோ, மெட்டோப்ரோலால் சக்சினேட் 47.5 மி.கி., அது மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் 50 மி.கி.க்குச் சமம் என்கிறது. இரண்டு எண்களும் சரியானவையே. சக்சினேட், டார்ட்ரேட் என்பவை ஒரே மருந்தின் இரு உப்புகள். அவற்றின் எடை வேறுபடுவதால் 47.5 என்பது 50க்கு ஈடாகிறது.

படத்தை அவசரமாகப் படிப்பவர் இங்கே இரண்டு விதமாகத் தவறுவார். 47.5 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால், 50 என்று பெயரிட்ட சரியான மாற்றையே வேறு மருந்தென்று ஒதுக்கிவிடுவார். அதைவிடக் கேடானது இரண்டாவது தவறு. ‘டார்ட்ரேட் 50’ என்பதைப் பிடித்துக்கொண்டு, அதே சொற்கள் உள்ள மலிவான சாதாரண மாத்திரையை வாங்கிவிடுவார். சக்சினேட் மாத்திரை மருந்தைச் சிறிது சிறிதாக வெளியிடுவது. நாளுக்கு ஒரு வேளை போதும். சாதாரண டார்ட்ரேட் விரைவில் கரைந்துவிடும். பொதுவாக இரு வேளை தேவை. ஒரு வேளைப் பழக்கத்திலேயே அதை விழுங்குபவருக்கு நாளின் பிற்பகுதியில் மருந்தின் பிடி தளர்ந்துவிடும். இதயச் செயலிழப்பில் இந்த மருந்து உயிரிழப்பைக் குறைப்பதாக 1999இல் வெளியான மெரிட்-ஹெச்எஃப் ஆய்வு காட்டியதும் நீடித்து வெளியிடும் சக்சினேட்டைக் கொண்டுதான்.

ஆகவே மூலப்பொருள், உப்பு, அளவு, வெளியிடும் முறை ஆகிய நான்கும் ஒத்தால்தான் அது மாற்று. இவற்றில் வெளியிடும் முறையே அதிகம் தவறவிடப்படுகிறது. அது பெரும்பாலும் ‘எக்ஸ்எல்’, ‘இஆர்’ போன்ற இரண்டு எழுத்துகளாகச் சுருங்கி, தாளின் பளபளப்பில் மறைந்துபோகும். பாதி வெட்டி விற்ற அட்டையில் உள்ளடக்க வரியே இல்லாமலும் போகலாம். அப்படிப்பட்ட படத்தை வைத்து ஊகிக்கக் கூடாது. முழு அட்டையைக் கேட்டு வாங்கி, சற்றுச் சாய்த்து மறுபடி படமெடுக்க வேண்டும். விலையையும் அட்டைக்கு அட்டை ஒப்பிடாமல் மாத்திரைக்கு மாத்திரை ஒப்பிட வேண்டும். ஓர் அட்டையில் 10, இன்னொன்றில் 15 இருக்கும்.

பொதுப்பெயரை வணிகப்பெயரைவிட இரண்டு எழுத்தளவு பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018இல் இந்திய விதி திருத்தப்பட்டது. நல்ல திருத்தம்தான், ஆனால் வண்ணமும் வடிவமும் கண்ணை இன்னமும் வணிகப்பெயருக்கே இழுக்கின்றன. சரியான மாற்றைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு தடை உண்டு. அட்டவணை ‘ஹெச்’ மருந்துகளில், சீட்டில் எழுதியதற்குப் பதிலாக அதே மூலப்பொருள் கொண்ட வேறொன்றைக்கூட மருந்துக் கடைக்காரர் தாமாகத் தர 65(11ஏ) விதி இடம் தருவதில்லை. ஆகவே மருத்துவர்கள் சீட்டிலேயே ‘மெட்டோப்ரோலால் சக்சினேட், நீடித்து வெளியிடுவது, 50’ என்று பொதுப்பெயரில் முழுமையாக எழுதித் தர வேண்டும். நோயாளிகளும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.