இன்மைக் கருதுகோளும் இருவகைப் பிழைகளும்

கருதுகோள் சோதனை என்பது, கையில் கிடைத்த முடிவு தற்செயலாகவே வந்திருக்கக்கூடுமா என்று கணக்கிட்டுப் பார்க்கும் புள்ளியியல் முறை. இதில் முதலில் வைக்கப்படும் அனுமானம் இன்மைக் கருதுகோள். இரண்டு விஷயங்களுக்கிடையே தொடர்பு இல்லை, அல்லது ஒரு சிகிச்சையால் விளைவு இல்லை என்பது போன்ற கூற்றாக அது பெரும்பாலும் அமையும். அது உண்மையாக இருக்கும்போதே அதை நிராகரித்துவிட்டால், அது முதல் வகைப் பிழை. பொய் நேர்மறை என்றும் சொல்வதுண்டு. அது உண்மையல்லாதபோதும் அதை நிராகரிக்காமல் விட்டுவிட்டால், அது இரண்டாம் வகைப் பிழை, அதாவது பொய் எதிர்மறை. இப்படி இரண்டாகப் பிரித்துக் கையாளும் முறையை 1928 முதல் 1933 வரை எழுதிய கட்டுரைகளில் வளர்த்தெடுத்தவர்கள் ஜெர்சி நேமனும் ஈகான் பியர்சனும். இன்மைக் கருதுகோள் என்ற பெயரைத் தந்தவர் ரொனால்டு ஃபிஷர். 1935-இல் வெளிவந்த, சோதனைகளை வடிவமைப்பது பற்றிய தம் நூலில், ஒரு தேநீர்ச் சோதனையைக் கொண்டு அவர் அதை விளக்கினார்.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஃபிஷருடன் பணியாற்றிய மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் ஆய்வாளரே இதற்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிட முடியும் என்பது அவருடைய வாதம். ஃபிஷர் நூலில் அவர் பெயரையும் தரவில்லை, சோதனையின் முடிவையும் தரவில்லை. அவர் விவரிப்பது சோதனையின் அமைப்பை மட்டுமே. எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். இந்தக் கணக்கை அந்தப் பெண்மணியிடம் முன்பே சொல்லிவிடுகிறார்கள். கோப்பைகள் குலுக்கல் முறையில் அமைந்த வரிசையில் வருகின்றன. பால் முதலில் ஊற்றிய நான்கு எவை என்று அவர் பிரித்துச் சொல்ல வேண்டும்.

இங்கே இன்மைக் கருதுகோள் சொல்வது என்ன? ‘அவர் தவறாகச் சொல்வார்’ என்று அது சொல்லவில்லை. ‘அவர் பொய் சொல்கிறார்’ என்றும் சொல்லவில்லை. அவர் எந்த நான்கைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதற்கும், எந்த நான்கில் பால் முதலில் ஊற்றப்பட்டது என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதே அதன் கூற்று. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. தொடர்பு இல்லையென்றால், வரிசையைக் குலுக்கல் தீர்மானித்ததால், அவர் தேர்ந்தெடுத்த நான்கு முழுக்கச் சரியாக அமையும் நிகழ்தகவு 70-இல் 1, ஏறத்தாழ 1.4 சதவீதம். மூன்றோ நான்கோ சரியாக அமையும் நிகழ்தகவு 70-இல் 17, அதாவது சுமார் 24 சதவீதம். அதனால்தான் மூன்று சரியாகச் சொன்னால் போதாது என்றார் ஃபிஷர்.

எட்டுக் கோப்பைகளையும் அவர் தலைகீழாகச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தொடர்பு இல்லாதவருக்கு அதுவும் 70-இல் ஒரு முறைதான் நேரும். பெயரை மாற்றிச் சொல்லியிருந்தாலும், இரண்டு வகைகளையும் அவர் பிரித்து உணர்ந்திருக்கிறார் என்ற ஐயம் அங்கே வலுவாக எழும். இதைப் புரிந்துகொண்டால் இன்மைக் கருதுகோளின் எல்லையும் புரியும். அதை நிராகரிப்பதால் தொடர்பு இருக்கிறது என்று கொள்ளலாமே தவிர, அந்தத் தொடர்பு நாக்கிலிருந்துதான் வந்தது என்று கொள்ள முடியாது. பால் முதலில் ஊற்றிய கோப்பைகள் மட்டும் சற்றுச் சூடாக இருந்திருந்தாலும் இதே முடிவு கிடைத்திருக்கும். அந்த வாய்ப்பை அடைக்க வேண்டியது சோதனையை நடத்துபவரின் பொறுப்பு. கணக்கு அதைச் செய்யாது.

‘அவருக்குத் திறமை இருக்கிறது’ என்பதையே ஏன் முதல் அனுமானமாக வைக்கக்கூடாது? எவ்வளவு திறமை என்று சொல்லாதவரை அதிலிருந்து எந்த எண்ணும் பிறக்காது. பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்பவரும் திறமையுள்ளவர், பத்துக்கு ஆறு சொல்பவரும் ஓரளவு திறமையுள்ளவர். இன்மைக் கருதுகோள் துல்லியமானது என்பதால்தான் அதைக் கொண்டு கணக்குப் போட முடிகிறது.

பொய் எதிர்மறையைக் கணக்கிட இந்தத் துல்லியத்தை மறுபக்கத்துக்கும் கொண்டுவர வேண்டும். சோதனையைச் சற்று மாற்றுவோம். ஒவ்வொரு கோப்பைக்கும் நாணயம் சுண்டி, எது முதலில் என்று முடிவு செய்கிறோம். வெறுமனே ஊகிப்பவர் ஒவ்வொன்றையும் சரியாகச் சொல்லும் நிகழ்தகவு பாதி. எட்டும் சரியாக இருந்தால்தான் ஏற்போம் என்று விதித்தால், பொய் நேர்மறையின் நிகழ்தகவு 256-இல் 1. அரை சதவீதம்கூட இல்லை. இந்தக் கண்டிப்புக்கு ஒரு விலை இருக்கிறது. ஒவ்வொரு கோப்பையையும் 90 சதவீத நிகழ்தகவுடன் சரியாகச் சொல்லும் ஒருவர் வருகிறார் என்றால், எட்டையும் அவர் சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 0.9-இன் எட்டாம் அடுக்கு, சுமார் 43 சதவீதம்தான். அவ்வளவு நல்ல நாக்கு உள்ளவரைக்கூட இந்தச் சோதனை பாதிக்கும் மேற்பட்ட முறை தவறவிடும். ஏழு சரியாக இருந்தாலும் போதும் என்று தளர்த்தினால், அவரைத் தவறவிடும் நிகழ்தகவு 57-இலிருந்து 19 சதவீதமாகக் குறைகிறது. ஊகிப்பவர் தேறிவிடும் நிகழ்தகவு 0.4-இலிருந்து 3.5 சதவீதமாக ஏறுகிறது. இந்த எல்லையைக் கோப்பைகள் மேசைக்கு வருவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். ஏழு சரி என்று தெரிந்தபின் ‘ஏழு போதும்’ என்று முடிவு செய்தால், மேலே சொன்ன சதவீதங்கள் எதுவும் பொருந்தாது.

கோப்பைகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் இரண்டு பிழைகளையும் ஒருசேரக் குறைக்க இந்தச் சோதனையில் வழியில்லை. 75 சதவீதம் சரியாகச் சொல்பவரை எட்டுக் கோப்பைச் சோதனை, ஏழு போதும் என்ற தளர்ந்த எல்லையிலும், 63 சதவீத முறை தவறவிடும். பதினாறு கோப்பை வைத்து, பன்னிரண்டு சரியாக வேண்டும் என்று விதித்தால் அது 37 சதவீதமாகிறது. பொய் நேர்மறை 3.8 சதவீதத்தில், ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கிறது.

ஆகவே, எட்டுக் கோப்பைச் சோதனையில் தேறாத ஒருவரைப் பார்த்து ‘உங்களுக்குத் திறமை இல்லை என்று நிரூபணமாகிவிட்டது’ என்பது பிழையான பேச்சு. இன்மைக் கருதுகோளை நிராகரிக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பது மட்டுமே உண்மை. சிறிய ஆய்வொன்றில் ஒரு மருந்து ‘பயனற்றது’ என்று செய்தி வரும்போது, நடந்தது பல சமயம் இவ்வளவுதான்.

இதைவிடப் பரவலாக நடக்கும் தவறு இன்னொன்று. 70-இல் 1 என்பதை ‘தேறியவர் ஊகித்துத் தேறியிருக்கும் நிகழ்தகவு’ என்று படித்துவிடுகிறார்கள். அது, ஊகிப்பவர் தேறும் நிகழ்தகவு. இரண்டும் வேறு. ஃபிஷரின் சோதனைக்கு 710 பேர் வருகிறார்கள். அவர்களில் 10 பேர் ஒருபோதும் தவறாதவர்கள், 700 பேர் வெறுமனே ஊகிப்பவர்கள் என்று கொள்வோம். அந்தப் பத்துப் பேரும் தேறுவார்கள். ஊகிப்பவர்களிலும் சராசரியாகப் பத்துப் பேர் தேறுவார்கள். பொய் நேர்மறையின் நிகழ்தகவு 1.4 சதவீதமாக இருந்தும், தேறியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஊகித்தவர்களே. வந்தவர்களில் உண்மையான திறமைசாலிகள் எத்தனை பேர் என்பது சோதனையின் கணக்குக்குள் இல்லாத தகவல். அது தெரியாதபோது செய்யக்கூடியது, தேறிய இருபது பேருக்கும் புதிதாகக் குலுக்கிய கோப்பைகளுடன் சோதனையை மீண்டும் நடத்துவது. ஊகித்துத் தேறிய பத்துப் பேரில் ஒருவராவது இரண்டாம் முறையும் தேறும் நிகழ்தகவு சுமார் 13 சதவீதம்.